லாபம் 41% கூடுது, இபிஎஸ் 36% குறையுது: ஒரே படத்தில இது எப்படி?

கல்லடிப் பொடியன் | 11 நவம்பர் 2024, இரவு 8.40

வாட்ஸ்அப் குழுவில வந்த ஒரு காலாண்டு அறிக்கைப் படம். கொழும்புப் பங்குச் சந்தையில இருக்கிற கம்பனிதான், பெயரை வெட்டிப்போட்டன். செப்டம்பர் 30ல முடிஞ்ச மூண்டு மாசம். Profit for the period எண்ட வரியில இந்த வருசம் 177,112, போன வருசம் 125,787. கூட்டிக் கழிச்சா 40.8% வளர்ச்சி. ஒரு பங்குக்கு வாற லாபமான இபிஎஸ் இந்த வருசம் 1.90. போன வருச இபிஎஸ் இருக்கிற மூலையில படம் போட்ட ஆக்களின்ட முத்திரை விழுந்து ஒண்டும் தெரியேல்ல. அதனால போன வருசம் சேமிச்சு வச்ச படத்தில பாத்தன், 2.96 எண்டு இருக்கு. அப்ப இபிஎஸ் 35.8% குறைஞ்சிருக்கு.

லாபம் கூடினா இபிஎஸ் எப்படிக் குறையும்? எண்ணை நான் பிழையா எடுத்தனா, கம்பனி பிழையாப் போட்டதா?

கல்முனைக் காக்கா | 11 நவம்பர், 9.05

பங்கு புதுசா வித்திருப்பாங்க தம்பி. சோறு அதே பானை, சாப்பிட வந்த ஆக்கள் கூட. ஆளுக்கு வாறது குறையும்தானே. இதுல பிழை ஒண்டும் இல்ல, உன்ட பங்கு கரைஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

ஏறாவூரான் | 11 நவம்பர், 9.11

எந்தப் பங்கு இது? இப்ப வாங்கலாமா?

கணக்குவாத்தி | 11 நவம்பர், 10.20

காக்கா சொல்வதில் பாதி சரி. பங்குகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் புதிதாக விற்றதால்தான் கூடியது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் வேறொரு பிழை இருக்கிறது.

இபிஎஸ்ஸின் மேலே நிற்பது நீங்கள் எடுத்த 177,112 அல்ல. குழுமக் கணக்கில் அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று Equity holders of the parent, மற்றது Non-controlling interests. துணைக் கம்பனிகளில் வெளியாருக்குச் சேரவேண்டிய லாபம் இரண்டாவது வரியில் போகும். இபிஎஸ் கணக்கிடுவது முதல் வரியை வைத்துத்தான். அந்த இரண்டு வரிகளையும் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் முதல் இருபது பங்குதாரர் பட்டியல் இருக்கும், அதன் அடியிலோ பக்கத்திலோ மொத்தப் பங்கு எண்ணிக்கை இருக்கும். அதுவும் வேண்டும்.

கல்லடிப் பொடியன் | 12 நவம்பர், காலை 6.15

வாத்தியார், இந்தாங்க. வரிசைக்கு இந்த வருசம், போன வருசம்:

```
Profit before tax        248,316   171,905
Income tax               (71,204)  (46,118)
Profit for the period    177,112   125,787
Equity holders           151,840   118,260
Non-controlling           25,272     7,527
EPS (Rs.)                   1.90      ????
```

பங்கு எண்ணிக்கை 80,000,000. மேல Rs.'000 எண்டு இருக்கு. அப்ப இபிஎஸ் ஆயிரத்து தொளாயிரம் ரூபாவா?

கல்முனைக் காக்கா | 12 நவம்பர், 6.30

ஆயிரத்து தொளாயிரம் ரூபா இபிஎஸ் எண்டா நான் வயலை வித்துப்போட்டு வாறன் தம்பி. மேல போட்ட ஆயிரம் மற்ற எல்லா வரிக்கும். இபிஎஸ் மட்டும் ரூபா சதம். அதுக்குத்தான் அந்த வரியில தனியா Rs. எண்டு போடுறது.

கணக்குவாத்தி | 12 நவம்பர், 1.10

இடைவேளையில் எழுதுகிறேன்.

151,840,000ஐ 80,000,000ஆல் பிரித்தால் 1.898. அச்சில் 1.90. பொருந்துகிறது. 177,112,000ஐப் பிரித்தால் 2.21 வரும், அது அச்சில் இல்லை. எந்த லாபத்திலிருந்து இபிஎஸ் வந்தது என்ற கேள்விக்கு இந்த ஒரு வகுத்தலே போதும்.

இப்போது போன வருடம். 118,260,000ஐ 2.96ஆல் பிரித்தால் ஏறக்குறைய 39.95 மில்லியன், அதாவது 40 மில்லியன் பங்குகள். இந்த வருடம் 80 மில்லியன். சரியாக இரட்டிப்பு. இப்படி வட்டமான மடங்கில் கூடினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் பங்குப் பிரிப்பு. ஒரு பங்கை இரண்டாக்கினார்கள், கம்பனிக்கு ஒரு சதமும் புதிதாக வரவில்லை.

பிரிப்பு நடந்தால் போன வருட இபிஎஸ்ஸையும் புதிய எண்ணிக்கையில் திருத்தித்தான் அறிக்கையில் போட வேண்டும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்கேஏஎஸ் 33 சொல்வது அதுதான். எனவே உங்கள் படத்தில் முத்திரைக்கு அடியில் இருப்பது 2.96 அல்ல. 118,260,000 ÷ 80,000,000 = 1.478. அங்கே 1.48 இருக்க வேண்டும்.

1.48இலிருந்து 1.90க்கு 28.4%. உரிமையாளர்களின் லாபத்தை நேரே எடுத்தாலும் 33,580 ÷ 118,260 = 28.4%. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

பழைய படத்தில் நீங்கள் பார்த்த 2.96 பொய்யல்ல. அன்றைய பங்குக்கு அது சரி. இன்றைய பங்கோடு பக்கத்தில் வைக்கக் கூடாது.

கல்லடிப் பொடியன் | 12 நவம்பர், 4.45

அப்ப 41%ம் இல்ல, -36%ம் இல்ல, 28%. ஒரு படத்தில மூண்டு விடை.

ஆனா 41% பிழையில்லத்தானே? குழுவில எல்லாரும் நிகர லாபம் 41% கூடியிருக்கு எண்டுதான் எழுதுறாங்க.

கணக்குவாத்தி | 12 நவம்பர், 5.30

பிழையில்லை. குழுமத்தின் மொத்த லாபம் 40.8% கூடியது. அதில் வெளியாரின் பங்கு 7,527இலிருந்து 25,272க்கு, மூன்று மடங்குக்கும் மேலே போயிருக்கிறது. கூடிய 51,325இல் 17,745 உங்களுக்கு வராது. நீங்கள் தாய்க் கம்பனியின் பங்கை வைத்திருப்பவர், ஆகவே உங்கள் எண் 28. எந்த வரியில் இருந்து எடுத்தோம் என்பதையும் சேர்த்து எழுதினால் சண்டை வராது.

கல்முனைக் காக்கா | 12 நவம்பர், 7.50

வாத்தியார், நான் விடமாட்டன். இரட்டிப்பு எண்டா பிரிப்புத்தான் எண்டு எப்படிச் சொல்லுவ? இருக்கிற பங்குதாரருக்கே புதுப் பங்கு விக்கிற உரிமை வழங்கல் ஒண்டுக்கு ஒண்டு போட்டாலும் இரட்டிப்புத்தானே. அப்ப நான் சொன்ன பானைக் கதை சரி.

கணக்குவாத்தி | 12 நவம்பர், 9.00

நல்ல கேள்வி. அதற்கு நிதிநிலைமைக் கூற்றுப் பக்கம் வேண்டும். Stated capital வரியை இந்த வருடத்துக்கும் போன வருடத்துக்கும் பாருங்கள். பிரிப்பு என்றால் ரூபாய்த் தொகை ஒரு சதமும் மாறாது, எண்ணிக்கை மட்டும் மாறும். உரிமை வழங்கலில் காசு உள்ளே வரும், தொகை கூடும்.

கணக்குவாத்தி | 12 நவம்பர், 9.25

மேலே எழுதியதில் ஓட்டை இருக்கிறது. ஒதுக்கத்தை மூலதனமாக்கி இலவசப் பங்கு கொடுத்தாலும் அந்த வரி கூடும். ஆனால் காசு வராது. அந்தத் தொகை ஒதுக்கத்தில் இருந்து இறங்கி மூலதனத்தில் ஏறியிருக்கும். ஆகவே தொகை கூடியிருந்தால் காசுப் பாய்ச்சல் கூற்றில் பங்கு வழங்கலால் வந்த காசு என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காசு வரவில்லை என்றால் பிரிப்பைப் போலவே போன வருடத்தைத் திருத்துவார்கள்.

முழுச் சந்தை விலைக்குப் புதிய பங்கு விற்றிருந்தால் போன வருடத்தைத் திருத்தமாட்டார்கள். அப்போது இபிஎஸ் குறைவு உண்மையான குறைவு, காக்காவின் பானைக் கதை முழுக்கச் சரி. சந்தை விலையை விடக் குறைத்து உரிமை வழங்கினால் நடுவில் நிற்கும். அந்தக் கழிவளவுக்கு மட்டும் போன வருடம் திருத்தப்படும்.

கல்லடிப் பொடியன் | 12 நவம்பர், 9.40

ரெண்டு பக்கமும் 1,250,000. மாறேல்ல.

கல்முனைக் காக்கா | 12 நவம்பர், 9.42

சரி, பானையைக் கவிட்டுப்போட்டன்.

அக்கரைப்பற்று பவி | 13 நவம்பர், காலை 5.55

கணக்கு முடிஞ்சுது போல. ஆனா எண்ணை எடுக்கிற இடத்தில வாற பிழைய ஒருத்தரும் பேசேல்ல. கையால தட்டுறீங்களா, படத்தில இருந்து எழுத்தைப் பிடிக்கிற ஓசிஆர் போடுறீங்களா? வாட்ஸ்அப்பில சாதாரணப் படமா அனுப்பினா அது சுருக்கிப்போடும். ஆறும் எட்டும் மூண்டும் ஒரே மாதிரித் தெரியிறது அங்கதான். ஆவணமா அனுப்பச் சொல்லுங்க. இல்லாட்டி நேரா சந்தையின்ட தளத்துக்குப் போய் கம்பனிப் பக்கத்தில பிடிஎஃப்ப இறக்குங்க. அந்தப் பிடிஎஃப்பில எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிஞ்சா ஓசிஆரே வேணாம், இது போதும்:

```
pdftotext -layout q2.pdf q2.txt
```

கையெழுத்து வச்சு ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் எண்டா எழுத்து வராது, அதுவும் படந்தான். அப்ப வேண்டிய பக்கத்த q2.jpg எண்டு படமாச் சேமிச்சு, பெருசாக்கி, கறுப்பு வெள்ளையாக்கிக் குடுங்க:

```
magick q2.jpg -resize 200% -colorspace Gray q2.png
tesseract q2.png q2 --psm 6
```

அந்தக் கடைசி 6 எதுக்கு எண்டா, முழுப் பக்கத்தையும் ஒரே கட்டையா எடுத்து வரி வரியா வாசிக்கச் சொல்றது. அது இல்லாட்டி டெசரக்ட் பல நேரம் ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாப் பிரிச்சு, எல்லாப் பெயரையும் முதல், எல்லா எண்ணையும் பிறகு எழுதிவிடும். எந்த எண் எந்த வரிக்கு எண்டு மறுகா நீங்க இருந்து பொருத்த வேணும்.

கல்முனைக் காக்கா | 13 நவம்பர், 6.20

நான் போன் கேமராவால எடுத்து அதுலயே எழுத்தைப் பிடிக்கிற ஆள். பவி தங்கச்சி சொல்ற கட்டளை எல்லாம் எனக்கு ஏறாது. அதில வாற பிழை ஒண்டு சொல்றன். அடைப்புக்குறி. (71,204) எண்டத 71,204 எண்டு எடுத்து, இன்னொருக்கா 71,2041 எண்டும் எடுத்திச்சு. கடைசி அடைப்பு ஒண்டாப் போச்சு.

அக்கரைப்பற்று பவி | 13 நவம்பர், 7.10

ஓம் காக்கா, அதுதான் அடிக்கடி வாறது. அத கண்ணால தேடாதீங்க, கூட்டிப் பாத்தா அதுவே சொல்லும். வரிக்கு முந்தின லாபம் 248,316. வருமான வரிய அடைப்பில்லாம எடுத்தா கூட்டல் 319,520. அச்சில 177,112. வித்தியாசம் 142,408. அத ரெண்டால பிரிச்சா 71,204. வித்தியாசம் ஒரு வரியில இருக்கிற எண்ணின்ட சரியா ரெண்டு மடங்கு எண்டா அந்த வரியில கழித்தல் குறி துலைஞ்சு போச்சு எண்டு அர்த்தம்.

வித்தியாசம் 6,000 மாதிரி ஒரு இலக்கமும் மிச்சம் சைபரும் எண்டா ஒரு எழுத்து மட்டும் மாறி வாசிச்சிருக்கு. 177,112 எண்டத 171,112 எண்டு எடுத்தா அப்பிடித்தான் வரும், ஏழு ஒண்டாப் போனது. ஆறாயிரம் எண்டா ஆயிரத்தின்ட இடத்தில தேடுங்க.

71,2041 பிடிபடுறது லேசு. காற்புள்ளிக்குப் பிறகு மூண்டு இலக்கத்துக்கு மேல வந்தா சந்தேகமே வேணாம்.

இதுக்கு ரெண்டு கூட்டல் வச்சிருக்கன். வருமான வரிக்கு முந்தின லாபமும் வருமான வரியும் சேர்ந்து Profit for the period எண்ட வரிக்கு வரணும். உரிமையாளரும் வெளியாரும் சேர்ந்தும் அதே வரிக்கு வரணும். எக்செலில முதல் வரி தலைப்பு எண்டு வச்சு, சைபர் வந்தாத்தான் அடுத்த வேலை:

```
=B4-(B2+B3)
=B4-(B5+B6)
```

ஆயிரத்தில வட்டமாக்கினதால சில நேரம் 1 அல்லது -1 வரும். அத விடுங்க.

கணக்குவாத்தி | 13 நவம்பர், 1.15

மூன்றாவது சோதனை, உரிமையாளர் லாபத்தைப் பங்கு எண்ணிக்கையால் பிரித்து அச்சிலுள்ள இபிஎஸ்ஸுக்கு வருகிறதா என்பது. பவியின் கூட்டல்கள் இரண்டும் ஒரு நிரலுக்குள் மட்டும் வேலை செய்யும். நிரலே மாறி வாசித்திருந்தால் கூட்டல் சரியாகவே வரும், விடை பிழையாக இருக்கும்.

பாலமுனை நானா | 13 நவம்பர், 3.30

நிரல் மாறுற கதை வந்ததால கேக்கிறன். என்ட மச்சான் இந்தியக் கம்பனிப் பங்கு பாக்கிற ஆள், ஒரு படம் அனுப்பினார். முதல் ரெண்டு நிரலையும் எடுத்துக் கணக்குப் போட்டா வளர்ச்சி 4% வருது, செய்தியில 19% எண்டு போட்டிருக்கு. செய்தி பொய்யா?

அக்கரைப்பற்று பவி | 13 நவம்பர், 3.50

நானா, இந்திய அறிக்கையில நிரல் வரிசை வேற. முதலாவது இந்தக் காலாண்டு, ரெண்டாவது போன காலாண்டு, மூண்டாவதுதான் போன வருசம் இதே காலாண்டு. தலைப்பில 30.09.2024, 30.06.2024, 30.09.2023 எண்டு இருக்கும் பாருங்க. நீங்க மூண்டு மாசத்துக்கு முந்தினதோட ஒப்பிட்டிருக்கிறீங்க. முதலையும் மூண்டையும் எடுங்க. நம்மட கொழும்பு அறிக்கைகளில பெரும்பாலும் ரெண்டாவதே போன வருசம், அந்தப் பழக்கத்தில அங்கயும் கை போகுது. தொகையும் அங்க இலட்சத்தில அல்லது கோடியில இருக்கும், ஆனா வீதத்துக்கு அது பாதிக்காது.

பாலமுனை நானா | 13 நவம்பர், 4.20

மூண்டாவத எடுத்தன், 19 வந்திச்சு. மச்சானுக்குச் சொல்லல்ல, நானே கண்டுபிடிச்சதாத்தான் இருக்கட்டும்.

ஏறாவூரான் | 13 நவம்பர், 8.05

எனக்கு இன்னும் பெயர் சொல்லேல்ல. ஆனா வேற குழுவில இதே கம்பனி மாதிரி ஒண்டுக்கு "இபிஎஸ் 122% உயர்வு" எண்டு போட்டிருக்கு. 3.28, 1.48. அதே கம்பனியா? அப்ப வாங்கத்தானே வேணும்?

கணக்குவாத்தி | 13 நவம்பர், 9.10

அதே கம்பனிதான் போலிருக்கிறது, 1.48 அங்கேயும் நிற்கிறது. முத்திரைக்கு அடியில் இருந்ததை இன்னொரு குழு காட்டிக்கொடுத்துவிட்டது.

3.28 ஆறு மாத இபிஎஸ்ஸாக இருக்க வேண்டும். இந்தக் கம்பனிக்கு நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, ஆகவே செப்டம்பர் அறிக்கையில் மூன்று மாதமும் ஆறு மாதமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். படத்தை வெட்டும்போது மேலே இருந்த தலைப்பு போய்விட்டால் நான்கு எண்கள் வரிசையாக நிற்கும், எது எந்தக் காலம் என்று தெரியாது. ஆறு மாதத்தை மூன்று மாதத்தோடு ஒப்பிட்டு 122 என்று எழுதிவிட்டார்கள். பொடியன், ஆறு மாத எண்கள் இருக்கின்றனவா?

கல்லடிப் பொடியன் | 13 நவம்பர், 9.35

இருக்கு. உரிமையாளர் லாபம் ஆறு மாசம்: 262,310, போன வருசம் 241,050.

கணக்குவாத்தி | 13 நவம்பர், 10.15

262,310 ÷ 80,000 = 3.28. சரி, அதுதான்.

ஆறு மாத வளர்ச்சி 21,260 ÷ 241,050 = 8.8%. இப்போது ஆறு மாதத்திலிருந்து இந்தக் காலாண்டைக் கழியுங்கள். முதல் காலாண்டு இந்த வருடம் 110,470, போன வருடம் 122,790. அது 10% இறக்கம். முதல் மூன்று மாதம் இறங்கி, அடுத்த மூன்று மாதம் 28% ஏறி, சேர்த்துப் பார்த்தால் 9%. படத்தில் முதல் காலாண்டு இல்லை, ஆனால் கழித்தால் வருகிறது. வந்த எண்ணை ஓகஸ்டில் வந்த அறிக்கையோடு ஒத்துப் பாருங்கள். ஒத்தால் நிரல் மாறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

லாபத்தை இப்படிக் கழிக்கலாம். இபிஎஸ்ஸைக் கழிக்கும்போது கவனம். நடுவில் காசுக்குப் பங்கு விற்றிருந்தால் மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் சராசரி எண்ணிக்கை வேறுபடும். 3.28இலிருந்து 1.90ஐக் கழித்து 1.38 என்று எடுப்பது இந்தக் கம்பனிக்குச் சரி வருகிறது, எல்லாவற்றுக்கும் வராது.

கல்முனைக் காக்கா | 14 நவம்பர், காலை 7.00

நான் வழமையா இபிஎஸ்ஸை நாலால பெருக்கி வருசக் கணக்கா ஆக்கித்தான் ஒப்பிடுறது. அப்ப 7.60.

அக்கரைப்பற்று பவி | 14 நவம்பர், 7.25

காக்கா, ரெண்டு பக்கமும் நாலால பெருக்கினா வளர்ச்சி மாறாது. ஒரு பக்கம் மட்டும் பெருக்கினாத்தான் கூத்து. அதுவும் ஹோட்டல் மாதிரி பருவத்துக்கு உழைக்கிற கம்பனிக்கு நாலால பெருக்கினா அறுகம்பேயில ஓகஸ்டு மாசக் கூட்டத்த வச்சு நவம்பர் மழைக்கும் கணக்குப் போட்ட மாதிரி. ஒரு வருசத்துக்கு முந்தின அதே காலாண்டோட ஒப்பிடுறதே அந்தப் பருவ வித்தியாசம் அடிபடத்தானே.

பாலமுனை நானா | 14 நவம்பர், 12.40

மற்றது என்ட கேள்வி. நான் வச்சிருக்கிற ஒண்டு போன வருசம் இதே காலாண்டில (18,450) நட்டம், இப்ப 9,225 லாபம். சூத்திரத்தில போட்டா -150% எண்டு வருது. நட்டத்தில இருந்து லாபத்துக்கு வந்திருக்கு, அது எப்படிக் கழித்தல்?

அக்கரைப்பற்று பவி | 14 நவம்பர், 1.05

கீழ இருக்கிற எண் கழித்தல் எண்டதால முழுதும் கவிழுது. நான் இப்படிப் போடுவன், 150% எண்டு நேராக வரும்:

```
=(B2-C2)/ABS(C2)
```

கணக்குவாத்தி | 14 நவம்பர், 1.40

குறி நேராகும், பொருள் வராது. போன வருடம் நட்டம் 1,000 மட்டும் என்று வையுங்கள். அதே 9,225 லாபத்துக்கு இந்தச் சூத்திரம் 1,022.5% என்று சொல்லும். கூட நட்டப்பட்டிருந்த கம்பனி உண்மையில் கூடுதலாக முன்னேறியிருக்கிறது, ஆனால் அதற்குக் குறைந்த வீதம் கிடைக்கிறது. அடி எண் சைபரோ கழித்தலோ என்றால் நான் வீதம் எழுதுவதில்லை. "நட்டத்திலிருந்து லாபம்" என்று எழுதி இரண்டு தொகையையும் போட்டுவிடுவேன்.

அக்கரைப்பற்று பவி | 14 நவம்பர், 2.10

நூறு கம்பனிய ஒரே தாளில வரிசைப்படுத்த வேணுமே வாத்தியார். எழுத்து வந்த பெட்டியால வரிசை குழம்பும். நட்டம் கூடினதா குறைஞ்சதா எண்ட திசையாவது என்ட முறையில சரியா வரும். நான் மாத்தமாட்டன்.

கணக்குவாத்தி | 14 நவம்பர், 2.15

திசைக்கு மட்டும் என்றால் சரி. வரிசைப்படுத்த வேண்டாம்.

கல்முனைக் காக்கா | 14 நவம்பர், 8.30

ரெண்டு பேரும் முடிச்சா நான் ஒண்டு கேக்கிறன். என்னட்ட ஒரு சதப் பங்கு இருக்கு. இபிஎஸ் 0.02ல இருந்து 0.03. ஐம்பது வீதம்! ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன்.

கணக்குவாத்தி | 14 நவம்பர், 9.20

உரிமையாளர் லாபமும் பங்கு எண்ணிக்கையும் எவ்வளவு?

கல்முனைக் காக்கா | 14 நவம்பர், 9.40

50,900, போன வருசம் 49,000. ஆயிரத்தில. பங்கு ரெண்டு பில்லியன், மாறேல்ல.

கணக்குவாத்தி | 14 நவம்பர், 9.55

50,900,000 ÷ 2,000,000,000 = 0.02545, அச்சில் 0.03. போன வருடம் 0.0245, அச்சில் 0.02. உண்மையான வளர்ச்சி 3.9%. மிச்சம் 46 வீதமும் வட்டமாக்கலில் வந்தது. இபிஎஸ் சதக் கணக்கில் இருந்தால் அச்சிலுள்ள இபிஎஸ்ஸை வைத்து வீதம் எடுக்காதீர்கள். லாபத்தையும் எண்ணிக்கையையும் எடுத்து நீங்களே பிரியுங்கள். 1.90 போன்ற எண்ணில் இந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது, 0.02இல் முழு விடையே அதுதான்.

கல்முனைக் காக்கா | 14 நவம்பர், 10.01

ஊருக்கெல்லாம் திரும்பச் சொல்ல வேணுமா?

ஏறாவூரான் | 14 நவம்பர், 10.04

எனக்கும் சொன்னீங்க காக்கா. நான் வாங்கிப்போட்டன்.

கல்லடிப் பொடியன் | 15 நவம்பர், மாலை 6.10

தளத்தில பிடிஎஃப் இறக்கினன். முத்திரை இல்லாத மூலை. போன வருச இபிஎஸ் 1.48தான், பக்கத்தில ஒரு நட்சத்திரம், அடியில சின்ன எழுத்தில பங்குப் பிரிப்புக்காகத் திருத்தியது எண்டு இருக்கு. Change % நிரலில லாப வரிக்கு 41, இபிஎஸ் வரிக்கு 28. முழுப் பக்கத்தையும் பாத்திருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும்.

ஒரு சந்தேகம் மட்டும். கம்பனித் தனிக் கணக்குப் பக்கத்தில இபிஎஸ் 2.75 எண்டு இருக்கு, குழுமத்த விடக் கூட. அது எப்படி?

கணக்குவாத்தி | 15 நவம்பர், 8.45

துணைக் கம்பனிகளிடமிருந்து பங்கிலாபம் வந்த காலாண்டாக இருக்கலாம். தனிக் கணக்கில் அது வருமானம், குழுமத்தில் உள்ளுக்குள்ளேயே அடிபட்டுப்போகும். அந்தப் பக்கத்தில் பங்கிலாப வருமானம் என்ற வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். படத்தின் தலைப்பு வெட்டுப்பட்டால் Group என்று நினைத்து Company பக்கத்தை எடுத்துவிடுவதும் நடக்கும். வெளியாருக்குரிய வரி இல்லாத பக்கம் என்றால் அது பெரும்பாலும் தனிக் கணக்கு.

கல்லடிப் பொடியன் | 16 நவம்பர், காலை 7.30

பங்கிலாப வரி இருக்கு, போன வருசம் அந்த இடத்தில வெறும் கோடு. பழைய படங்கள் எல்லாத்தின்ட பெயரையும் இப்ப மாத்துறன், பிரிப்புக்கு முன், பிரிப்புக்குப் பின் எண்டு.